நால்வருக்கா, அறுவருக்கா?

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் வசிக்கும் ஒருவர் சென்ற மாதம் தம் பேரனின் பிறந்தநாளுக்கு 24 பேரை மதிய உணவுக்கு அழைத்திருந்தார். வெளியிலிருந்து வரவழைக்காமல் வீட்டிலேயே மீன்குழம்பு வைப்பது என்று முடிவு. அவருடைய மருமகள் எடுத்து வைத்திருந்த சமையல் குறிப்பில், "துண்டு மீன் 1 கிலோ, 4 முதல் 6 பேருக்குப் போதுமானது" என்றிருந்தது. காசிமேட்டுக்கு விடியற்காலையில் புறப்படவிருந்தவர், முதல் நாள் மாலை என்னிடம் வந்து, "சார், 24ஐ நாலால் வகுப்பதா, ஆறால் வகுப்பதா?" என்று கேட்டார்.

எளிய கேள்விபோலத் தோன்றினாலும், இதன் விடை சிறிய தொகையைப் பற்றியது அன்று. நான்கால் வகுத்தால் குறிப்பை 6 மடங்காக்க வேண்டும். 6 கிலோ மீன். ஆறால் வகுத்தால் 4 மடங்கு. 4 கிலோ மீன். இடைவெளி 2 கிலோ. கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 1,200 ரூபாய். சிறிய எண்ணிலிருந்து கணக்கிட்டவர், பெரிய எண்ணிலிருந்து கணக்கிட்டவரைவிட ஒன்றரை மடங்கு சமைப்பார். உப்பையும் புளியையும் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுகிறவர்கூட, இந்த ஒரு வகுத்தலில் 50 விழுக்காடு தவறிவிட முடியும்.

குறிப்பை எழுதியவர் ஏன் ஒரே எண்ணைத் தராமல் இரண்டைத் தருகிறார்? அவருக்குத் தம் குழம்பின் அளவு தெரியும். அதை உண்ணப்போகிறவர் யார் என்பது தெரியாது. "4 முதல் 6" என்பது குழம்பைப் பற்றிய ஐயம் அன்று, உண்பவரைப் பற்றிய ஐயம். ஆகவே அந்த இரண்டு எண்களில் ஒன்றைத் தேர்வது என்றால், குறிப்பாசிரியர் நிரப்பாமல் விட்ட இடத்தை நாம் நிரப்புகிறோம் என்று பொருள்.

அந்த இடத்தை நிரப்பி எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்முன்னே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பள்ளி மதிய உணவுக்கு மத்திய அரசு வகுத்துள்ள அளவின்படி, தொடக்க வகுப்புக் குழந்தை ஒன்றுக்கு நாள்தோறும் 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவருக்கு 150 கிராம் தானியம், 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய்கறி. இப்போது 600 கிராம் அரிசி, 120 கிராம் பருப்பு, 300 கிராம் காய்கறி கொண்ட ஒரு சாம்பார் சாதக் குறிப்பை எண்ணிப் பாருங்கள். அது எத்தனை பேருக்கு? மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என்றால் சரியாக 6 பேர். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் என்றால் சரியாக 4 பேர். அரிசி, பருப்பு, காய்கறி ஆகிய மூன்றுமே இதே விடையைத் தருகின்றன. சமையல் புத்தகம் "4 முதல் 6" என்று மங்கலாகச் சொல்வதை, அரசாணை "யாருக்கு" என்று கேட்டு இரண்டு தெளிவான எண்களாகப் பிரித்துவிடுகிறது.

ஒரு பள்ளியில் தொடக்க வகுப்பில் 120 பேரும், உயர் வகுப்புகளில் 80 பேரும் இருப்பதாகக் கொள்வோம். எல்லாரையும் சிறியவர்களாகக் கணக்கிட்டால் 20 கிலோ அரிசி. எல்லாரையும் பெரியவர்களாகக் கணக்கிட்டால் 30 கிலோ. உண்மையில் வேண்டியது, சிறியவர்களுக்கு 12 கிலோ, பெரியவர்களுக்கு 12 கிலோ, ஆக 24 கிலோ. 600 கிராம் குறிப்பை 40 மடங்காக்கினால் இது கிடைக்கும். 200 பேரை 40ஆல் வகுத்தால் 5. அதாவது இந்தப் பள்ளிக்கு அந்தக் குறிப்பு "5 பேருக்கானது". இந்த 5 என்பது நடுவில் இருப்பதால் தேர்ந்த எண் அன்று. பந்தியில் யார் எத்தனை பேர் என்று எண்ணியதால் கிடைத்த எண். உயர் வகுப்பு மாணவர்கள் கூடுதலாக இருந்தால் அது நான்கை நோக்கி நகரும். குறைந்தால் ஆறை நோக்கி நகரும்.

வீட்டு விருந்துக்கு அரசாணை இல்லை. ஆனால் அதே முறையைக் கையாளலாம். செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆள் கணக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒருவர் இலையில் எவ்வளவு விழும் என்ற கணக்குக்கு வர வேண்டும்.

நண்பரின் குறிப்பில் 1 கிலோ துண்டு மீன் என்பது வஞ்சிரத்தில் ஏறக்குறைய 12 துண்டுகள். 12 துண்டுகளை நால்வருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 3; அறுவருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 2. "4 முதல் 6 பேர்" என்ற மூடுமந்திரத்தின் பொருள் இவ்வளவுதான். "ஆளுக்கு 3 துண்டா, 2 துண்டா?" என்று கேட்டால், கணக்குத் தெரியாதவரும் விடை சொல்லிவிடுவார். நண்பர் உடனே, "குழம்போடு வறுவலும் இருக்கிறது, ரசம், மோர் இருக்கிறது, குழம்பில் இரண்டு துண்டுக்கு மேல் யார் போட்டுக்கொள்வார்கள்?" என்றார். வருகிறவர்களில் 6 பேர் பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அவர்களுக்கு ஒரு துண்டு போதும். 18 பெரியவர்களுக்கு 36 துண்டு, 6 குழந்தைகளுக்கு 6 துண்டு, ஆக 42 துண்டு. அது மூன்றரை கிலோ.

அதே 24 பேருக்கு வறுவல் இல்லாமல் குழம்பும் சோறும் மட்டுமே என்றால் கணக்கு வேறு. பெரியவர்களுக்கு மூன்று மூன்றாக 54. குழந்தைகளுக்கு ஒன்றரை வீதம் 9. ஆக 63 துண்டு, ஐந்தேகால் கிலோ. ஆட்கள் மாறவில்லை, குறிப்பு மாறவில்லை; பக்கத்தில் ஒரு தட்டு வறுவல் இருப்பதும் இல்லாததும் ஒன்றேமுக்கால் கிலோ மீனைத் தீர்மானிக்கின்றன. ஆகவே நான்கா ஆறா என்று தேர்வதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இலையில் வேறு என்ன இருக்கிறது?" என்பதே. இரண்டாவது கேள்வி, "யார் உண்கிறார்கள்?" என்பது. எண்ணூர், மணலித் தொழிற்சாலைகளில் உடலுழைப்பு முடித்துவரும் பத்துப் பேருக்குச் சமைப்பதும், முதியோர் பத்துப் பேருக்குச் சமைப்பதும் ஒன்றாகா.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. குறிப்பு சொல்லும் 1 கிலோ, கழுவி நறுக்கிய மீனின் எடையா, முழு மீனின் எடையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தலை, குடல், செதில், துடுப்பு எல்லாம் போனபின் மிஞ்சுவது மீனுக்கு மீன் வேறுபடும். தலை பெரிதான மீனில் இழப்பு அதிகம். துண்டு மீன் கணக்கை வைத்துக்கொண்டு அதே எடைக்கு முழு மீன் வாங்கிவந்தால், ஆறுக்குப் பதில் எட்டால் வகுத்ததுபோல் ஆகிவிடும். நறுக்கித் தருகிறவரிடம் நறுக்கியபின் ஒருமுறை நிறுத்துக் காட்டச் சொன்னால் இந்தப் பிழை நேராது.

சரி, 42 துண்டு என்று கணக்கு வந்துவிட்டது. சரியாக 42 வாங்கினால் போதுமா? போதாது. சிலர் மூன்றாவது துண்டு கேட்பார்கள்; சிலர் ஒன்றோடு நிறுத்துவார்கள். இந்த ஏற்ற இறக்கத்துக்கு எவ்வளவு இடம் விடுவது என்பதில் ஆட்களின் எண்ணிக்கை முக்கியமான வேலை செய்கிறது.

ஒவ்வொருவரும் சராசரியாக 2 துண்டு உண்பதாகவும், ஆளுக்கு ஆள் ஒரு துண்டு அளவுக்குக் கூடவோ குறையவோ செய்வதாகவும் கொள்வோம். நான்கு பேர் என்றால் மொத்தத்தில் ஏற்ற இறக்கம் 2 துண்டு அளவில் இருக்கும். அது 8 துண்டில் கால்பங்கு. 24 பேர் என்றால் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 5 துண்டு; அது 48இல் பத்தில் ஒரு பங்கு. 100 பேர் என்றால் 10 துண்டு; 200இல் இருபதில் ஒரு பங்குதான். ஒருவர் கூடுதலாக உண்பதை இன்னொருவர் குறைவாக உண்பது ஈடுகட்டுகிறது. புள்ளியியலில், மொத்தத்தின் ஏற்ற இறக்கம் ஆட்களின் எண்ணிக்கையைப் போல் வளராமல், அதன் வர்க்கமூலத்தைப் போல் வளர்கிறது என்று இதைச் சொல்வார்கள். ஆகவே நான்கு பேருக்குச் சமைக்கும்போது தாராளமாக நான்கு என்ற எண்ணை எடுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு. அதே தாராளத்தை நூறு பேருக்கும் பெருக்கினால், ஏற்கெனவே ஈடுகட்டப்பட்டுவிட்ட ஐயத்துக்கு நூறு முறை பணம் கொடுக்கிறோம். பெரிய விருந்துகளில் மலைபோல் மிஞ்சுவதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் இந்த ஈடுகட்டல் எல்லா ஐயங்களுக்கும் பொருந்தாது. விருந்து இரண்டு மணிக்குத் தள்ளிப்போய் எல்லாருக்கும் பசி மிகுந்திருந்தாலோ, மழையினால் பாதிப் பேர் வராவிட்டாலோ, அது அனைவரையும் ஒரே திசையில் நகர்த்தும். அங்கே எண்ணிக்கை பெருகுவதால் பாதுகாப்பு வராது. வறுவல் உண்டா இல்லையா என்பதும் அத்தகையதே. தனியாள் பசி சராசரியில் கரையும். பந்தியின் தன்மை கரையாது. பின்னதைக் கேட்டறிய வேண்டும்; முன்னதற்கு மட்டுமே சிறு ஒதுக்கீடு போதும். நண்பரின் விருந்துக்கு 42ஓடு 5 சேர்த்தால் 47. நான்கு கிலோவில் 48 துண்டு கிடைக்கும். அவர் ஆறால் வகுத்தால் வரும் அளவும் அதுவே. ஆனால் இப்போது ஏன் ஆறு என்பது அவருக்குத் தெரியும்.

சில நேரங்களில் இப்படி எண்ண முடிவதில்லை. யார் வருவார்கள், எப்படி உண்பார்கள் என்பது எதுவும் தெரியாது; கையில் இருப்பது "4 முதல் 6" மட்டும். அப்போது எந்த எண்? இங்கே பொருளியலில் ஒரு பழைய கணக்கு உதவுகிறது. நாளிதழ் விற்பவர் காலையில் எத்தனை பிரதி வாங்குவது என்ற சிக்கலாக இதை வகுப்பறையில் கற்பிப்போம். வாடிக்கையாளர்கள் எவ்வளவு பணம் கேட்டு வருவார்கள் என்று தெரியாத வங்கி, கையிருப்பாக எவ்வளவு வைத்திருக்க வேண்டும் என்று 1888இல் எட்ஜ்வொர்த் ஆராய்ந்ததும் இதே கணக்கைத்தான்.

அதன் சாரம் இது. ஒரு பங்கு குறைந்துவிட்டால் நேரும் இழப்பு எவ்வளவு, ஒரு பங்கு மிஞ்சிவிட்டால் நேரும் இழப்பு எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும். குறைவின் இழப்பை இரண்டு இழப்புகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால், ஐயத்தின் இடைவெளியில் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது கிடைக்கும். 24 பேருக்கு மிகக் குறைந்த தேவை 4 கிலோ. மிக அதிகத் தேவை 6 கிலோ. இடையில் எதுவும் சம வாய்ப்புள்ளது என்று கொள்வோம். பந்தியில் குறைவது மிஞ்சுவதைவிட மூன்று மடங்கு மோசம் என்று கருதினால், மூன்றை நான்கால் வகுக்க, முக்கால். நான்கு கிலோவிலிருந்து ஆறு கிலோ வரையிலான தூரத்தில் முக்கால் பங்கு போக வேண்டும், ஐந்தரை கிலோ. இரண்டும் சமம் என்றால் ஐந்து கிலோ. மிஞ்சுவதுதான் மூன்று மடங்கு மோசம் என்றால் நாலரை கிலோ.

விருந்தினருக்குக் குறைவது எப்போதுமே பெரிய இழப்பு என்று நம் மரபு சொல்லும். அதை மறுக்கவில்லை. ஆனால் மிஞ்சுவதன் இழப்பு பண்டத்துக்குப் பண்டம் மாறுகிறது. மீன்குழம்பு மறுநாள் சுவை கூடும் என்பது வடசென்னைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாவது முறைவேலை முடிந்து இரவில் வீடு திரும்புகிறவர் இருக்கும் குடும்பத்தில் மிச்சக் குழம்புக்கு ஆள் காத்திருக்கிறது. ஆகவே குழம்புக்கு நான்கை நோக்கிச் சாயலாம். வறுத்த மீனோ, வடையோ, அப்பளமோ ஆறினால் பயனில்லை. அவற்றை ஆறை நோக்கிச் சாய்த்துக் கணக்கிட்டு, மாவையும் மசாலா தடவிய துண்டையும் தனியே வைத்திருந்து தேவைக்கு வறுப்பது மேல். காலமும் இழப்பை மாற்றும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வரத்துச் சுருங்கி விலை ஏறும்போது, மிஞ்சும் ஒவ்வொரு துண்டின் விலையும் ஏறுகிறது. அதே குறிப்பு, அதே 24 பேர். மாசியில் ஐந்தரை கிலோ வாங்கியவர் வைகாசியில் ஐந்து வாங்குவது கஞ்சத்தனம் ஆகாது.

எண்ணைத் தேர்ந்தபின் செய்யக்கூடாத ஒன்று உண்டு. மீன் விலை அதிகம் என்பதால் மீனை ஆறின் கணக்கிலும், குழம்பு நிறைய வேண்டும் என்பதால் புளியையும் மிளகாய்த்தூளையும் நான்கின் கணக்கிலும் போடுவது பலர் செய்யும் தவறு. நான்கோ ஆறோ, அது அளவை மட்டுமே மாற்ற வேண்டும். பொருள்களுக்கு இடையிலான விகிதத்தை அன்று. விகிதம் குலைந்தால் அது வேறு குழம்பு. குழம்பு புளித்துக் காரமாக இருக்கிறது, மீனில் சாரம் இறங்கவில்லை என்ற குறை எழுந்தால், இரண்டு எண்களைக் கலந்து பெருக்கியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் ஊகிக்கலாம்.

விகிதத்தை மீற வேண்டிய இடங்கள் சில உண்டு. அவற்றுக்குக் காரணம் ஆள் கணக்கு அன்று, பாத்திரத்தின் வடிவம். நான்கு மடங்கு குழம்பு கொள்ளும், அதே வடிவுள்ள பெரிய பாத்திரத்தின் வாய்ப்பரப்பு நான்கு மடங்காவதில்லை. ஏறக்குறைய இரண்டரை மடங்கே ஆகிறது. நீர் ஆவியாவது மேற்பரப்பு வழியாக என்பதால், ஒவ்வொரு லிட்டரும் இழக்கும் நீர் குறையும். தண்ணீரை நான்கு மடங்கு ஊற்றினால் குழம்பு நீர்த்துப்போகும். முதலில் மூன்று மடங்கு ஊற்றிக் கொதிக்கவிட்டு, பதம் பார்த்துக் கூட்டுவது நல்லது. தாளிக்கும் எண்ணெயும் அடிப்பரப்பைப் பொறுத்தது என்பதால் இரண்டரை மடங்கில் தொடங்கலாம். உப்பு விகிதப்படியே வேண்டும். மிளகாய்த்தூளின் வீரியம் பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறுவதால் கால்பங்கை நிறுத்திவைத்துச் சுவைத்தபின் சேர்க்க வேண்டும். மீன் துண்டு வேகும் நேரம் மாறாது. ஆனால் பெரிய பாத்திரம் இறக்கியபின்னும் நெடுநேரம் சூட்டைப் பிடித்திருக்கும் என்பதால், வழக்கத்தைவிடச் சற்று முன்பே அடுப்பை அணைக்காவிட்டால் துண்டு உடையும்.

தொழிலாகச் சமைப்பவர்கள் இந்தச் சிக்கலை வேறு வழியில் கடந்துவிட்டார்கள். இராயபுரத்திலோ தண்டையார்ப்பேட்டையிலோ பிரியாணிக்குச் சொல்லச் செல்கிறவரிடம் மாஸ்டர், "எத்தனை கிலோ போட வேண்டும்?" என்றுதான் கேட்பார். கிலோ என்பது அரிசியின் கணக்கு. அதற்கேற்ற கறியும் மசாலாவும் அவர் கைக்கணக்கில் இருக்கின்றன. ஒரு கிலோ எட்டுப் பேருக்கா, பத்துப் பேருக்கா என்பதை விருந்து நடத்துகிறவர் முடிவு செய்துகொள்ள வேண்டும். சமைப்பவருக்குத் தெரிந்தது பண்டத்தின் அளவு. அழைப்பவருக்குத் தெரிந்தது விருந்தினரின் பசி. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததற்கு மட்டும் பொறுப்பேற்கும் ஒழுங்கான வேலைப் பிரிவினை இது. வீட்டுச் சமையலில் இருவரும் ஒருவரே என்பதால், இந்த இரண்டு கணக்குகளும் ஒன்றாய்க் குழம்பிவிடுகின்றன.

நண்பர் நான்கு கிலோ வாங்கினார். விருந்து முடிந்த மாலையில், குழம்பில் மூன்று துண்டு மிஞ்சியதாகவும், குழம்புச் சாறு மட்டும் சற்றே இழுபறி என்றும் சொன்னார். அவரிடம் ஒன்றைச் செய்யச் சொன்னேன். அந்தக் குறிப்பில் "4 முதல் 6 பேருக்கு" என்றிருப்பதை அடித்துவிட்டு, "12 துண்டு, வறுவலோடு ஆளுக்கு 2, தனியாக 3, 24 பேருக்கு 4 கிலோவில் 3 துண்டு மிச்சம், சாறு கொஞ்சம் கூட்டலாம்" என்று எழுதிவைக்கச் சொன்னேன். அடுத்த முறை அந்த வீட்டில் விருந்து வைக்கிறவருக்கு, நான்கா ஆறா என்று யாரிடமும் கேட்க வேண்டிய தேவை இராது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).